அண்ணனின் ஸ்டூடியோ படம், தங்கையின் செல்ஃபி: வெளிச்சத்தை மட்டும் இடம் மாற்றுவது எப்படி

கோலாலம்பூரில் பல தமிழ் வீடுகளின் வரவேற்பறைச் சுவரில் ஒரு பட்டமளிப்புப் படம் தொங்கும். சதுரத் தொப்பி, கறுப்பு அங்கி, பின்னால் சாம்பல் திரை, ஒரு கன்னம் பளிச்சென்றும் மறு கன்னம் மெல்ல இருட்டாகவும். மூத்த பிள்ளைக்கு அப்படி ஒரு படம் இருக்கும். இளைய பிள்ளை கொரோனா காலத்தில் படிப்பை முடித்ததாலோ வேறு காரணத்தாலோ ஸ்டூடியோவுக்கே போயிருக்க மாட்டாள். வீட்டில் எடுத்த ஒரு செல்ஃபிதான் இருக்கும். "இதையும் அண்ணன் படம் மாதிரியே செஞ்சு பக்கத்துல மாட்டணும்" என்று அம்மா கேட்பார். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் படம் அச்சிட்டு சட்டம் போட்டுக் கொடுக்கும் கடைகளில் இந்த வேண்டுகோள் புதிதல்ல.

பெரும்பாலும் இதைக் கடையில் செய்யும் முறை ஒன்றுதான். அண்ணன் படத்தின் நிறத்தை எடுத்துத் தங்கை படத்தின் மேல் பொருத்திவிடுவார்கள். மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கும். ஒரு படத்தின் சராசரி நிறத்தையும் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் கணக்கிட்டு இன்னொரு படத்தை அதற்கு இழுத்துவிடும். செய்து பார்த்தால் பின்னணியின் சாம்பல் முகத்தில் ஏறும், அல்லது முகம் வெளுத்துப் போகும். "என்னடா இது, புள்ள யாரோ மாதிரி இருக்கா" என்று அம்மா சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரிதான். மாற வேண்டியது வெளிச்சம், மாறியதோ தோல்.

ஒரு படத்தில் ஏதேனும் ஒரு புள்ளியின் பிரகாசம் இரண்டின் பெருக்கல். அந்த இடத்துத் தோல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது ஒன்று, அங்கே எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மற்றொன்று. கேமரா இந்தப் பெருக்கலின் விடையை மட்டும்தான் பதிவு செய்கிறது. மங்கிய வெளிச்சத்தில் இருக்கும் சிவந்த தோலும், நல்ல வெளிச்சத்தில் இருக்கும் கறுத்த தோலும் கோப்பில் ஒரே எண்ணாக வந்து உட்காரலாம். எண்ணை மட்டும் பார்த்து அதை மறுபடி இரண்டாகப் பிரிக்க யாராலும் முடியாது; வேறு ஏதாவது துணை வேண்டும். மாதிரிப் படத்தில் இருப்பவர் நம்மைவிட நிறமானவர் என்றால், நிறத்தைப் பொருத்தும் எந்த முறையும் "இங்கே வெளிச்சம் அதிகம்" என்று தவறாகப் புரிந்துகொண்டு நம் முகத்தை வெளுக்கவே செய்யும். விளம்பரத்தில் வந்த சீன மாடலின் படத்தைக் கொடுத்து "இந்த மாதிரி வெளிச்சம்" என்று கேட்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக நடக்கும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரே முகத்தின் இரண்டு கன்னங்களிலும் தோல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வெளிச்சக் கன்னத்தை நிழல் கன்னத்தால் வகுத்தால் தோல் அடிபட்டுப் போய், வெளிச்சத்தின் விகிதம் மட்டும் மிஞ்சும். அந்த விகிதத்தை எந்த நிறத்தவரின் படத்திலிருந்தும் எடுக்கலாம், எந்த நிறத்தவரின் படத்துக்கும் கொடுக்கலாம். மாதிரிப் படத்திலிருந்து நாம் கொண்டுவர வேண்டியவை மூன்றுதான்: ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது, அது எவ்வளவு பெரிய விளக்கு, இரு பக்கத்துக்கும் என்ன விகிதம்.

திசையையும் அளவையும் கண்களே சொல்லிவிடும். அண்ணன் படத்தைப் பெரிதாக்கி விழியைப் பாருங்கள். கருவிழியின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மின்னும்; அது விளக்கின் பிம்பம். கடிகாரத்தில் பத்து மணி நிற்கும் இடத்தில் அது செவ்வகமாகத் தெரிந்தால், நமக்கு இடப்பக்கம் சற்று உயரத்தில் வெள்ளைத் துணி மூடிய பெட்டி விளக்கு, அதாவது ஒரு சாஃப்ட்பாக்ஸ், இருந்திருக்கிறது. வட்டமாகத் தெரிந்தால் குடை போன்ற விளக்கு. கீழே இன்னொரு மங்கலான பொட்டு இருந்தால் மடிக்கு நேராக ஒரு வெள்ளைப் பலகை பிடித்திருக்கிறார்கள். கண்ணில் பார்த்ததை மூக்கின் நிழலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நிழல் வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்து வாயோரத்தை எட்டாமல் நின்றால், விளக்கு இடப்பக்கம் முகத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது உறுதி. நிழலின் ஓரம் எவ்வளவு மெதுவாகக் கரைகிறதோ, முகத்திலிருந்து பார்க்க விளக்கு அவ்வளவு பெரிது என்று அர்த்தம்.

விகிதத்துக்கு எண்கள் வேண்டும். ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். கிம்ப் மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவியை ஒற்றைப் புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறு பகுதியின் சராசரியைக் காட்டும்படி வைத்துக்கொண்டு அண்ணனின் இரு கன்னங்களையும் அளக்கிறோம். எண்ணெய் மினுமினுப்பு இல்லாத இடமாகப் பார்த்துத் தொட வேண்டும். கருவி காட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் பச்சைக்கு உரியதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். வெளிச்சக் கன்னம் 165, நிழல் கன்னம் 99. தங்கையின் செல்ஃபியில் அதே இடங்கள் 150, 128. 165ஐ 99ஆல் வகுத்தால் 1.67 வரும். ஆனால் உண்மையான ஒளி விகிதம் அதுவல்ல. படக் கோப்பில் இருக்கும் எண்கள் கண்ணுக்கு ஏற்றபடி வளைத்துச் சேமித்தவை. அந்த வளைவை நிமிர்த்திய பிறகுதான் வகுக்க வேண்டும். தோராயமாக 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் போதும்.

```
(165 / 99)  ^ 2.2 = 3.08
(150 / 128) ^ 2.2 = 1.42
```

அண்ணன் முகத்தில் வெளிச்சப் பக்கத்துக்கு நிழல் பக்கத்தைப் போல மூன்று மடங்கு ஒளி விழுந்திருக்கிறது. தங்கை முகத்தில் ஒன்றரை மடங்குகூட இல்லை. அவள் முகம் தட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஸ்டூடியோக்காரர் தன் படத்தில் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார் என்பதால் மூன்று என்பது தோராயமான எண்தான். இருந்தாலும் கண்ணளவில் ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி செல்ஃபியைப் பார்ப்போம். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், பகலில், சன்னல் பக்கம் நின்று எடுத்தது. தலைக்கு மேல் கூரை விளக்கும் எரிகிறது. சன்னல் வெளிச்சம் இடப்பக்கம் என்பதால் அண்ணன் படத்தோடு ஒத்துப்போகிறது. ஒரே நாளில் எடுத்த பத்து செல்ஃபி இருந்தால் அழகான சிரிப்பைத் தேடுவதற்கு முன்னால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாதிரிப் படத்தின் பக்கமே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எதிர்ப்பக்கம் இருந்தால் மாதிரிப் படத்தைத் திருப்பிக்கொள்ளலாமே தவிர முகத்தைத் திருப்பக் கூடாது. முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகச் சேமித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சட்டையில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லையென்றால் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று வீட்டாரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால் அதில் வேலையைத் தொடங்க வேண்டாம். சிறிதாக்கிச் சுருக்கிய அந்தக் கோப்பில் நிழல் பகுதியைத் தூக்கியதும் கட்டம் கட்டமாக உடையும். மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

புது வெளிச்சம் போடுவதற்கு முன் பழைய வெளிச்சத்தை அழிக்க வேண்டும். இந்த வேலையில் நேரத்தை விழுங்குவது இந்தப் பகுதிதான். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். கூரை விளக்கு நெற்றியை வெளுக்க வைக்கிறது, கண்குழிகளை இருட்டாக்குகிறது, மூக்குக்கு நேர் கீழே ஒரு நிழலைப் போடுகிறது. இதன் மேலேயே வலக் கன்னத்தை இருட்டினால் ஒரே முகத்தில் இரண்டு விளக்குகளின் சாட்சியம் இருக்கும். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

கண்குழியைத் தூக்குவது எளிது. `Exposure` கருவியில் +0.8 கொடுத்து மாஸ்க் மூலம் அந்த இடத்துக்கு மட்டும் பூசினால் போதும். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் கவனம் தேவை. நம்மவர்களில் நிறையப் பேருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள தோலே இயல்பில் கொஞ்சம் கருமையாக இருக்கும். அது நிழல் இல்லை, அவர்களுடைய முகம். அண்ணன் படத்தில் கண்குழி எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று அளந்து அதுவரை தூக்கினால் தங்கைக்கு மருந்து பூசிய மாதிரி ஆகிவிடும். அவளுடைய வேறு ஏதாவது பகல் வெளிச்சப் படத்தைப் பாருங்கள். அதில் எஞ்சியிருக்கும் கருமையை இதிலும் விட்டுவையுங்கள்.

நெற்றி கடினம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை இல்லாத செல்ஃபி அபூர்வம். கூரை விளக்கு அதில் பட்டு மின்னும் இடம், பச்சை எண்ணில் 235 காட்டுகிறது. மூன்று நிறங்களில் சிவப்பு முதலில் 255ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். தொட்ட பிறகு கோப்பில் தகவல் இல்லை. அந்த இடத்தைக் கீழே இறக்கினால் தோல் வராது, சாம்பல் பூச்சு வரும். சின்ன இடமாக இருந்தால் கன்னத்தின் நிறத்தையும், பக்கத்தில் உள்ள நெற்றித் தோலின் நுண்கோடுகளையும் கொண்டுவந்து நிரப்பலாம். நெற்றி முழுக்க வெளுத்திருந்தால் வேறு படம் கேளுங்கள். எந்த மென்பொருளும் அங்கே இல்லாத தோலைக் கற்பனை செய்துதான் தர முடியும்.

நிறச் சாயலுக்கும் முகத்தைத் துணையாக நம்ப வேண்டாம். பச்சைச் சுவர் இருந்தால் அதன் சாயல் நிழல் பக்கத்தில் ஏறியிருக்கும். வெள்ளை டைல்ஸ் தரை கீழிருந்து தாடையை வெளுக்க வைத்திருக்கும். வெள்ளைத் துணியோ தாளோ படத்தில் எங்காவது இருந்தால் அதை வைத்துச் சரிசெய்யலாம். விழிவெண்மை சரியான வெள்ளை அல்ல. அதில் ரத்தக் குழாய்களின் சிவப்பு கலந்திருக்கும்.

பழைய வெளிச்சம் ஓரளவு அடங்கிய பிறகு புதியது எளிதாக வரும். வெளிச்சக் கன்னம் 150 அப்படியே இருக்கட்டும். அதைத் தொடாமல் இருந்தால்தான் அவள் நிறம் அவளுடையதாக இருக்கும். நிழல் கன்னம் மூன்றில் ஒரு பங்கு ஒளி பெற வேண்டும் என்றால் 128இலிருந்து 90க்கு இறங்க வேண்டும். `Exposure` கருவியில் அது -1.1 அளவு. வளைகோட்டுக் கருவியில் இதே இறக்கத்தைச் செய்தால் தோலின் நிறம் செம்மையேறிக் கெட்டியாகிவிடும். `Exposure` ஒளியைக் குறைப்பது போலவே எண்களைக் குறைக்கும் என்பதால் நிறம் நிலையாக நிற்கும்.

மாஸ்க்கின் ஓரம் எங்கே போக வேண்டும்? முகத்தின் நடுவில் நேர்க்கோடு போட்டால் முகமூடி மாதிரி இருக்கும். அண்ணன் படத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் கோட்டைப் பின்தொடருங்கள். நெற்றியில் அது அகலமாகக் கரைந்து இறங்கும், மூக்குத்தண்டின் விளிம்பில் சட்டென்று குறுகும், கன்னத்தில் மறுபடி விரிந்து வாயோரம் வரை வளையும். தோல் மெதுவாக வளையும் இடத்தில் மாற்றம் அகலம், சட்டென்று திரும்பும் இடத்தில் குறுகல். இந்தப் போக்கைத் தங்கையின் எலும்பமைப்பில் வரைய வேண்டும். அண்ணன் முகத்தின் கோட்டை வெட்டி ஒட்டினால் அவள் மூக்கு இடம் மாறியது போல இருக்கும்.

மூக்கு நிழலைச் சற்றுக் குட்டையாகவே வையுங்கள். செல்ஃபி கை எட்டும் தூரத்தில், பல நேரம் அதற்கும் அருகில் எடுத்தது. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கணக்கின்படி, 12 அங்குலத்தில் எடுத்த முகத்தில் மூக்கு 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். அந்தப் பெரிய மூக்குக்கு ஏற்ற முழு நிழலைப் போட்டால் மூக்கு இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தை எவ்வளவு மாற்றினாலும் தூரம் மாறாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது கடைசி வரை தெரியும் வித்தியாசம் இதுவாகத்தான் இருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பழுப்புத் தோலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலின் உள்ளே போய்த் திரும்பும் ஒளிதான் தோலின் நிறத்தைச் சுமந்து வருகிறது; மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் ஒளி விளக்கின் நிறத்திலேயே இருக்கும். மேற்பரப்புத் தெறிப்பு எல்லாத் தோலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால் தெறிப்பு தூக்கலாகத் தெரியும். கன்ன எலும்பின் வடிவத்தைக் காட்டுவதும் அதுதான். எல்லா மினுமினுப்பையும் எண்ணெய் என்று துடைத்துவிட்டு இருட்டை மட்டும் சேர்த்தால் முகம் களிமண் போல உயிரற்று இருக்கும். கூரை விளக்கின் மினுப்பை நெற்றியிலிருந்து எடுத்த பிறகு, இடக் கன்ன எலும்பின் மேல் அகலமான, மெல்லிய வெண்மை ஒன்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அண்ணனும் அதே நிறத்தவர் என்றால் எங்கே, எவ்வளவு என்று அவர் படமே காட்டும். இங்கேதான் குடும்பப் படத்தை மாதிரியாக வைப்பதன் பலன் தெரிகிறது.

கண்ணின் பொட்டுகளையும் மாற்றியாக வேண்டும். செல்ஃபியில் விழியில் கூரை விளக்கின் வட்டம் பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கும், பக்கத்தில் சன்னல் இருக்கும், சில நேரம் நடுவில் கைப்பேசித் திரையே தெரியும். மூன்றையும் அழித்துவிட்டுப் பத்து மணி இடத்தில் சின்ன செவ்வகம் ஒன்றை இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். இதை மறந்த படங்கள் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பொய்யாகத் தெரியும்.

இந்த எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் செய்யும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் வேர் 2000ஆம் ஆண்டில் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் குழுவினர் வெளியிட்ட ஒளிமேடை ஆய்வில் இருக்கிறது. ஒருவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் ஒவ்வொரு திசையிலிருந்தும் தனித்தனியாக ஒளி பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். ஒளி கூட்டிச் சேரும் தன்மை கொண்டது என்பதால், அந்தப் படங்களை வேண்டிய அளவில் கலந்தால் எந்த வெளிச்சத்திலும் அந்த முகத்தை உருவாக்கலாம். 2019இல் கூகுள், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி எடுத்த படங்களைக் கொண்டு, ஒற்றைப் படத்துக்கே ஒளி மாற்றும் முறையைப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பயிற்சிக்கு ஒளிமேடையில் அமர்ந்தவர்கள் 18 பேர். இப்படிப்பட்ட முறைகள் கற்றுக்கொண்ட முகங்களில் நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது தோல் நிறத்தை அவை எப்படி ஊகிக்கும் என்பதைத் தீர்மானிக்கும். முதலில் சொன்ன பெருக்கல் கணக்கை இவையும் ஊகித்துத்தான் பிரிக்கின்றன.

ஆகவே கருவி கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் சோதிக்க வேண்டும். முதல் சோதனை பழைய எண்கள்தான்: வெளிச்சக் கன்னம் 150இலிருந்து 185க்கு ஏறி, கூடவே நிழல் கன்னமும் ஏறியிருந்தால் விகிதத்தை விட்டுவிட்டுத் தோலை மாற்றியிருக்கிறது. இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. புதுப் படத்தைப் பழைய படத்தால் வகுத்துப் பாருங்கள். கிம்ப்பில் படத்தின் துல்லியத்தை 32 பிட் மிதவைப் புள்ளிக்கு மாற்றி, பழைய படத்தை மேல் அடுக்காக வைத்து அதன் நிலையை `Divide` என்று மாற்றினால் போதும். உண்மையாக வெளிச்சம் மட்டும் மாறியிருந்தால் தோல் இந்த வகுத்தலில் அடிபட்டுப் போய், கன்னங்களில் மேகம் போல மென்மையான மாற்றம் மட்டும் தெரியும். புருவத்தின் மயிர், மச்சம், நெற்றிப் பொட்டின் ஓரம், உதட்டுக் கோடு எல்லாம் அந்த வகுத்தலில் தெளிவாகத் தெரிந்தால் கருவி முகத்தையே புதிதாக வரைந்திருக்கிறது. மூக்குத்தி, தோடு, நெற்றியில் திருநீற்றின் தடம், இவை மூன்றும் முதலில் காணாமல் போகும் அல்லது உருமாறும். அந்த இடங்களைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கருவி தந்த படத்தை வீணாக்கவும் வேண்டியதில்லை. அந்த வகுத்தல் படத்தை நன்றாக மங்கலாக்கி, அதையே மூலச் செல்ஃபியின் மேல் பெருக்கினால் கருவி ஊகித்த வெளிச்சம் மட்டும் வரும், முகம் மூலத்தில் இருந்தபடியே இருக்கும். மூக்கு நிழலின் கூர்மையான ஓரம் இதில் கரைந்துவிடும். அதை மட்டும் கையால் திரும்ப வரைய வேண்டும். முகத்தைத் தாண்டி மங்கல் பரவாமல் முடி ஓரத்தில் ஒரு மாஸ்க்கும் வேண்டும், இல்லாவிட்டால் சுருள்முடியைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் நிற்கும். பின்னணியைச் சாம்பல் திரையாக மாற்றுவதென்றால் அந்த முடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் சுவரின் பச்சையையும் நீக்க வேண்டும். நான் பெரும்பாலும் பின்னணியை முழுதாக வெட்டாமல் இருட்டாக்கி மங்கலாக மட்டுமே விடுவேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் நிழல் கன்னத்தை ஒருமுறை பாருங்கள். திரையில் 90 நன்றாகத் தெரியும். மேட் தாளில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலை வெளிச்சத்தில் அது கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அண்ணனின் படம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. அதே தாளில் நாலுக்கு ஆறு அளவில் ஒரு சோதனைப் பிரதி எடுத்து, அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் -1.1ஐ -0.9 ஆக்கிவிட்டுப் பெரிய அச்சுக்குக் கொடுங்கள்.